கொம்பக்காவும் மஞ்சள் அட்டையும்

எங்கள் கோடவுனில் சோப்பும் சலவைத்தூளும் மலைமலையாக அடுக்கியிருக்கும். அடியில் இருக்கும் மரப்பலகையோடு அவற்றைத் தூக்கி மூன்றாவது தட்டில் வைக்கிற வண்டிக்கு முன்னால் இரண்டு நீண்ட இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் அதைக் கொம்பு என்போம். ஏழு வண்டி, ஏழு டிரைவர். அதில் ஆறு பேர் ஆம்பிளைகள். ஏழாவது ஆள் கொம்பக்கா.

அவளுக்கு வேறு பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். பேக்கிங் மேசையில் என் பக்கத்தில் பதினைந்து வருஷம் நின்று பெட்டி ஒட்டியவள். மணிக்கட்டு இரண்டும் வீங்கி, இடுப்பு போய், "இனிமே இந்த மேசையில நின்னா என்னைத்தான் பெட்டியில போட்டு ஒட்டணும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். அப்போது சிரிக்காத ஆள் இல்லை. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். எட்டே மாதத்தில் லைசென்ஸ் வாங்கி வந்து, முட்டை அடுக்குகிற மாதிரி பலகையை மேலே வைத்துக் காட்டினாள். ஆறு வருஷமாக ஒரு பெட்டி கீழே விழுந்ததில்லை. மற்ற ஆறு பேரும் சேர்ந்து எத்தனை தள்ளியிருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செப்டம்பர் மாதம்தான் வினை ஆரம்பித்தது. அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. பிப்ரவரி மூன்றாம் தேதிக்குப் பிறகு அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. தேதி எப்படி இவ்வளவு கறாராகத் தெரியும் என்றால், டிரைவர்கள் தினமும் காலையில் பிரேக், ஹாரன், டயர், கொம்பு எல்லாம் பார்த்து ஒரு நோட்டில் டிக் போட வேண்டும். அந்த நோட்டின் ஓரத்தில், வந்த நாளுக்கு மட்டும் ஒரு சின்னப் புள்ளி வைப்பாள். அவள் நோட்டு, அவள் புள்ளி.

ஒருநாள் மதியம், அடுக்குகளுக்கு நடுவே நான்காவது சந்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சிலிருந்து குப்பென்று ஒரு சூடு கிளம்பி முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியிருக்கிறது. அவள் கொம்பைத் தரையில் இறக்கி, பிரேக் போட்டு, வண்டியை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பாடத்தில் சொல்லிக் கொடுத்தபடியேதான் செய்தாள். அதைக் கேமராவில் மேனேஜர் பார்த்துவிட்டார்.

மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். எதற்கெடுத்தாலும் ஒரு தாள் வேண்டும் அவருக்கு. அக்காவை வாராவாரம் வருகிற நர்ஸம்மாவிடம் அனுப்பினார். நர்ஸம்மா கேட்டாள், அக்கா உள்ளதைச் சொன்னாள். "ஏழு மாசமா வரலம்மா. சூடு வருது, போகுது."

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். வருஷா வருஷம் எங்களுக்கு ஒரு மருத்துவப் படிவம் வரும். அதில் பெண்களுக்கு மட்டும் ஒரு கட்டம்: மாதவிடாய் நின்றுவிட்டதா, ஆம், இல்லை. எங்கள் கோடவுனில் அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினவள் ஒருத்தி கிடையாது. 'ஆம்' போட்டால் வேலைக்கு ஆகமாட்டாள் என்று நினைத்துவிடுவார்கள் என்று பயம். பெருக்குகிற அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது, அவளும் 'இல்லை' என்றுதான் போடுவாள். படிவத்தை மட்டும் நம்பினால், எங்கள் கோடவுனில் யாருக்கும் அது நிற்கவே நிற்காது. இவள் ஒருத்தி வாயைத் திறந்தாள்.

நர்ஸம்மா ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினாள். ஏதோ ஹார்மோன் அளவு ஏறியிருக்கிறது என்று தாள் வந்தது. அவ்வளவுதான், 'மாதவிடாய் நின்றுவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோப்பு ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் செய்த சரக்கு, வந்து, லேபிலிருந்து ஒரு ரிப்போர்ட் சரியில்லை என்றால், அந்த லாட் மேல் மஞ்சள் அட்டை தொங்கவிடுவார்கள். அட்டையை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. மறுநாள் காலை நாங்கள் உள்ளே வந்தபோது டிரைவர்கள் பெயர் எழுதின போர்டில் அக்கா பெயருக்கு மேல் ஒரு மஞ்சள் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சாவி மாட்டுகிற ஆணியில் அவள் வண்டிச் சாவி இல்லை.

மனுஷியை லாட் மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அக்கா அந்த அட்டையைப் பார்த்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

"சார், என் பேர் மேல எதுக்கு அட்டை?"

"உங்க நல்லதுக்குத்தாம்மா. இந்த வயசுல மயக்கம் வரும், கவனம் சிதறும்னு ஒரு தாள்ல போட்டிருந்துச்சு. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? பேக்கிங் மேசையில இருங்க, பத்திரமா."

"எனக்கு மயக்கம் வந்துச்சுன்னு யாரு சொன்னா?"

"ரிப்போர்ட் இருக்கே."

"சோப்புக்குக்கூட ரெண்டாவது சாம்பிள் எடுக்கிறீங்க சார். நான் சோப்பைவிடக் கேவலமாப் போயிட்டேனா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "அரை நாள் லீவு போடுடி. டாக்டரைப் பாக்கப் போறோம்."

அரசு ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவில் நாற்பது பேருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. டாக்டரம்மாவுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். குரலில் ஒரு அதட்டல், கண்ணில் சிரிப்பு. லேப் தாளைப் பார்த்ததும் முதல் கேள்வியே, "உங்களுக்கு இந்த டெஸ்ட்டை யாரு எழுதிக் குடுத்தது?" என்பதுதான்.

அக்கா எல்லாவற்றையும் சொல்லி, நோட்டை நீட்டினாள். டாக்டரம்மா புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இந்த ஆஸ்பத்திரியில இப்படித் தேதியோட யாரும் வந்ததில்லை" என்றவர், கர்ப்பப்பை எடுத்ததுண்டா, ஹார்மோன் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா, கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு அக்கா சிரித்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை, டெஸ்ட் எடுத்துவிட்டுத்தான் விட்டார்.

"கேளுங்க" என்றார் பிறகு. "பெரும்பாலான பொம்பளைங்களுக்கு நாப்பத்தஞ்சுல இருந்து ஐம்பத்தஞ்சுக்குள்ள நிக்கும். சராசரி பாத்தா ஐம்பதை ஒட்டி. சில இடங்கள்ல ரெண்டு மூணு வருஷம் முன்னாலயே. உங்க வயசுல நின்னா அதுல ஆச்சரியமே இல்ல. ஆனா நின்னுடுச்சுன்னு எப்ப சொல்லுவோம் தெரியுமா? வேற எந்தக் காரணமும் இல்லாம, விடாம பன்னிரண்டு மாசம் ஒரு சொட்டும் வராம இருக்கணும். அதுக்கப்புறம் திரும்பிப் பாத்து, 'அன்னைக்கு வந்ததுதான் கடைசி'ன்னு சொல்லுவோம். முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது."

"அப்ப இந்த ரத்த டெஸ்ட்டு?"

"நிக்கப் போற வருஷங்கள்ல அந்த அளவு இன்னைக்கு ஏறும், அடுத்த மாசம் இறங்கும். ஒரு தடவை எடுத்த தாளை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நாப்பத்தஞ்சு தாண்டினவங்களுக்கு அது தேவையும் இல்ல. நாப்பதுக்குள்ள நின்னா அது வேற கதை. அப்ப கட்டாயம் எடுப்போம், சில வாரம் விட்டு ரெண்டாவது தடவையும் எடுப்போம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "எனக்கு நாப்பத்திரண்டு டாக்டர், ரெண்டு மாசமா வரல" என்று வாயைவிட்டேன். "நாப்பதுல இருந்து நாப்பத்தஞ்சுக்குள்ளன்னா சீக்கிரம்தான், பாக்கணும். ஆனா முதல்ல கர்ப்பமான்னு பாத்துட்டு வாங்க" என்று ஒரு சின்னக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டார். அந்த அரைமணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசிப் பிள்ளைக்குக் கல்யாண வயசு! நல்லவேளை, ஒன்றும் இல்லை. அக்கா தோள் குலுங்கச் சிரித்ததை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

டாக்டரம்மா ரத்த அழுத்தம், ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தார். கண்ணும் காதும் பார்க்க வேறு அறைக்கு அனுப்பினார். எல்லாம் சரியாக இருந்தது. சூட்டுக்கு வேண்டுமானால் மருந்து இருக்கிறது, தூக்கம் கெட்டால் வந்து சொல்லுங்கள் என்றார். பிறகு கேட்டார், "சூடு வந்தா வண்டியை என்ன பண்ணுவீங்க?"

"கொம்பை இறக்கி, பிரேக் போட்டு, அணைச்சிட்டு உக்காந்துக்குவேன்."

"இதைவிட வேற என்ன வேணும்?" என்று சொல்லிக் கடிதம் எழுதினார். முதல் பத்தியில், மாதவிடாய் நின்றதாக இப்போது சொல்ல இயலாது, பன்னிரண்டு மாதம் முடியவில்லை. இரண்டாவது பத்தியில், நின்றாலும் நிற்காவிட்டாலும் அது நோய் அல்ல, இவர் வண்டி ஓட்டத் தகுதியானவர்.

மேனேஜர் முதல் பத்தியோடு நிறுத்திக்கொண்டார். "இன்னும் தெரியலன்னு எழுதியிருக்காங்களே. தெரியறவரைக்கும் அட்டை இருக்கட்டும். லாட்டுன்னாலும் அப்படித்தானே?" என்றார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பேக்கிங் மேசைக்கு வந்து நின்றாள். மூன்றே வாரத்தில் மணிக்கட்டு பழையபடி வீங்கிவிட்டது. அவள் வண்டியை ஒரு புதுப் பையன் ஓட்டினான். அவன் ஒவ்வொரு முறை தூணில் இடிக்கும்போதும் அக்கா இங்கே உடம்பைச் சுருக்கிக்கொள்வாள்.

டிசம்பர் பத்தாம் தேதி அவளுக்கு மாதவிலக்கு வந்தது. முழுதாகப் பத்து மாதம் கழித்து. மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். இவ்வளவு இடைவெளிக்குப் பிறகு வந்ததால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார், கவலைப்பட ஏதும் இல்லை. "பழைய பத்து மாசத்தைத் தூக்கிப் போடுங்க. இன்னைல இருந்து கணக்கு புதுசு" என்றார். அக்காவும் நோட்டில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள்.

நர்ஸம்மா மூலமாகச் செய்தி மேனேஜருக்குப் போனது. மனுஷன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! எங்கள் மேசைக்கே வந்து, எல்லோர் முன்னாலும் சாவியை நீட்டினார். "நல்ல சேதிம்மா. இன்னும் நிக்கலையாமே. இந்தாங்க, வண்டியை எடுங்க."

நான் கைதட்டப் போனேன். அக்கா கையை நீட்டவில்லை.

"நின்னா என்ன சார் பண்ணுவீங்க?"

"அது... நின்னா அப்ப பாத்துக்கலாம்."

"அப்போ மாசா மாசம் வந்து உங்ககிட்ட 'வந்துச்சு சார், வந்துச்சு சார்'னு சொல்லிட்டுத்தான் நான் சாவி வாங்கணுமா?"

அவர் முகம் சிவந்துபோனது. "அப்படிச் சொல்லலம்மா..."

"அப்படித்தான் சார் சொல்றீங்க. சாவியை என் வேலையைப் பாத்துக் குடுங்க. என் ரத்தத்தைப் பாத்துக் குடுத்தா எனக்கு வேணாம்." டேப்பை இழுத்துப் பெட்டியை ஒட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "உனக்கென்ன பைத்தியமா? கையில வந்த சாவியைத் திருப்பி அனுப்புவியா? உன் மணிக்கட்டைப் பாரு, பூசணிக்கா மாதிரி இருக்கு!"

"இப்ப வாங்கினா, அது நிக்கிற அன்னைக்கு என்னால கேக்க முடியாதுடி" என்றாள். "'நீதானே போன தடவை இதுக்காக வாங்கினே'ம்பாரு."

வீட்டிலும் இதே சண்டைதான். அவள் வீட்டுக்காரர் முடிவெட்டுகிறவர், தங்கமான மனுஷன். "குடுக்கிறாங்கன்னா வாங்கிக்கோயேன், வீம்பு எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். "உங்களுக்கு முடி கொட்டினப்போ யாராவது கத்திரியைப் பிடுங்கினாங்களா?" என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். அதன்பிறகு மனுஷன் தினமும் ராத்திரி அவள் கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுத்தான் படுப்பாராம்.

ஜனவரி கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வந்து எல்லா டிரைவர்களையும் ஓட்டச் சொல்லிப் பார்த்து அனுமதியைப் புதுப்பிப்பவர். கையில் ஒரு பட்டியல், காதில் ஒரு பேனா. ஆறு ஆம்பிளைகளும் புதுப் பையனும் வரிசையில் நின்றார்கள். கடைசியாக அக்கா போய் நின்றாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"இவங்க ஹோல்டுல இருக்காங்க சார்" என்றார் மேனேஜர்.

"எதை இடிச்சாங்க?"

"எதையும் இல்ல சார். இது... பெண்கள் விஷயம்."

அதிகாரி புரியாமல் பார்த்தார். மேனேஜர் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். அந்தக் கோடவுனில் தாழ்ந்த குரல் தெளிவாகக் கேட்கும் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அக்கா டாக்டர் கடிதத்தை நீட்டினாள். "ரெண்டாவது பத்தியையும் படிங்க சார். இங்க யாரும் அதைப் படிக்கல."

அவர் படித்தார், இரண்டு முறை. வரிசையில் முதலில் நின்ற பெரிய டிரைவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வயசு?" என்றார்.

"ஐம்பத்தேழு சார்."

"மாத்திரை?"

"பிரஷருக்கு ரெண்டு, சர்க்கரைக்கு ஒண்ணு."

"உங்க பேர் மேல அட்டை இல்லையே?"

அப்போதுதான், நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை, பெருக்குகிற அக்கா துடைப்பத்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். "எனக்கு நின்னு ஏழு வருஷமாச்சு! இந்தக் கோடவுன் முழுக்க நான்தான் கூட்டுறேன்! எங்கயாவது குப்பை இருந்தா காட்டுங்க!" என்று கத்தினாள். பின்னாலிருந்து இன்னொருத்தி, "எனக்கு மூணு வருஷம்!" என்றாள். மேசை மேசையாகக் குரல் வந்தது. மேனேஜர் எங்களை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

அதிகாரி பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். "சாவியைக் குடுங்க. ஓட்டிக் காட்டட்டும்."

நாலு மாதமாகத் தொடாத வண்டி. அக்கா அதைச் சுற்றி வந்து டயரைப் பார்த்தாள், கொம்பைப் பார்த்தாள், ஹாரன் அடித்தாள். புதுப்பையன் போட்ட கீறல் ஒவ்வொன்றையும் அதிகாரியிடம் காட்டி நோட்டில் எழுதவைத்தாள். பிறகு ஏறினாள். குறுகலான நான்காவது சந்துக்குள் பின்னோக்கிப் போய், பலகையைத் தூக்கி, மூன்றாவது தட்டில் வைத்தாள். ஒரு பெட்டி அசையவில்லை. அதிகாரி இன்னொரு பலகையைக் காட்டினார், அதையும் வைத்தாள். ஆம்பிளைகளில் இருவரை அவர் மறுபடி பயிற்சிக்கு எழுதினார். அக்காவுக்கு நேராக 'தகுதி' என்று மட்டும் எழுதினார். காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. மஞ்சள் அட்டையை மேனேஜரே கழற்றினார்.

அந்த வருஷம் முழுக்க அக்கா வண்டி ஓட்டினாள். இரண்டு மூன்று தடவை சூடு வந்தது, கொம்பை இறக்கி உட்கார்ந்தாள், எழுந்தாள். எனக்குத் தேதி தள்ளித் தள்ளி வந்தது, ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள், எனக்கு இன்னும் நேரம் இருக்கிறதாம். மேனேஜர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேட்காமலேயே ஒரு கண் வைத்திருந்தார், அது எங்களுக்குத் தெரியும். நின்றது தெரிந்தால் புதுசாக ஒரு தாளைத் தேடுவார் என்று நான் தினமும் பயந்துகொண்டே இருந்தேன். அக்காவிடமும் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லாதே. கட்டத்துல 'இல்லை'ன்னே போடு. யாரு வந்து பாக்கப் போறா?"

அவள் நோட்டை மூடிவிட்டு வண்டியில் ஏறினாள்.

டிசம்பரும் வந்தது. பன்னிரண்டு மாதத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். "நின்னுடுச்சும்மா. இனிமே எப்பவாவது ஒரு சொட்டு பட்டாலும் ஓடி வந்துடணும், அது அலட்சியப்படுத்துற விஷயம் இல்ல" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை சாவி வாங்க டிரைவர்கள் மேனேஜர் அறை முன்னால் நின்றபோது அக்கா எல்லோரையும் தாண்டி முதலில் போனாள். அன்றைக்குப் பார்த்து வருஷப் படிவமும் மேசைமேல் இருந்தது. அவள் அதை எடுத்து, அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று பெரிதாக எழுதி, அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சார், எனக்கு நின்னுடுச்சு. ஐம்பது வயசு, பன்னிரண்டு மாசம் முழுசா முடிஞ்சுது, டாக்டர் சொல்லிட்டாங்க. நீங்க வேற யார்கிட்டயாவது கேட்டுத் தெரிஞ்சுக்க வேணாம்னு நானே சொல்றேன்."

மேனேஜர் படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கை மெதுவாக மேசையின் இழுப்பறைப் பக்கம் போனது. மஞ்சள் அட்டைகள் அதில்தான் இருக்கும்.

அக்கா இடத்தை விட்டு அசையவில்லை. உள்ளங்கையை விரித்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மூணாவது வாசல்ல லாரி காத்திட்டிருக்கு சார். சாவி."

அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.